செத்துப்போன மடிக்கணினி பேட்டரியிலிருந்து ஒரு மின்வெட்டு விளக்கு

மடிக்கணினியின் பேட்டரி செத்துவிட்டது என்று கழற்றி எறியப்படும்போது, அதற்குள் இருக்கும் செல்கள் எல்லாமே செத்திருப்பதில்லை. பழைய மடிக்கணினிகளில் இருந்த நீளமான பேட்டரிப் பெட்டிக்குள் பெரும்பாலும் ஆறு உருளைச் செல்கள் இருக்கும். இரண்டிரண்டாக இணைத்த மூன்று சோடிகள், ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் நிற்கும். ஒவ்வொரு சோடியின் மின்னழுத்தத்தையும் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறிய சர்க்யூட் பலகை கண்காணிக்கிறது. ஏதாவது ஒரு சோடி மற்றவற்றைவிட வெகுவாகப் பின்தங்கினால், தீப்பிடிக்கும் அபாயத்தைத் தவிர்க்க அந்தப் பலகை முழுப் பெட்டியையும் நிரந்தரமாகப் பூட்டிவிடும். இரண்டு செல்கள் கெட்டதற்காக நான்கு செல்கள் சேர்ந்து குப்பைக்குப் போவது இப்படித்தான்.

இந்தச் செல்களுக்கு 18650 என்று பெயர். விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர் என்ற அளவே பெயராகிவிட்டது. லித்தியம் அயனி வகையைச் சேர்ந்த இவை முழுதாக ஏறிய நிலையில் 4.2 வோல்ட், சராசரியாக 3.7 வோல்ட் தரும். 3 வோல்ட்டுக்கு வந்தால் காலியானதாகக் கொள்ளலாம். இவற்றில் தேறும் ஒரு செல்லையும், உடைந்த டிவி ஒன்றின் பின்விளக்கில் இருக்கும் எல்இடிகளையும் வைத்து மின்வெட்டு நேரத்துக்கு ஒரு விளக்கு செய்ய முடியும். ஆனால் பழைய லித்தியம் செல் மற்ற பழைய உதிரிகளைப் போன்றதல்ல. கெட்ட ரெசிஸ்டர் வேலை செய்யாது, அவ்வளவுதான். கெட்ட லித்தியம் செல் தீப்பிடிக்கும். ஆகவே இந்த வேலையில் பெரும்பங்கு நேரம் செய்வதற்கு அல்ல, சோதிப்பதற்கே போகிறது.

திட்டமிடும்போது கையில் என்ன உதிரி இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவது பலருடைய வழக்கம். ஆறு செல் கிடைத்தால் ஆறையும் சேர்த்து ஏதாவது செய்யத் தோன்றும். தேவையிலிருந்து தொடங்குவதே சரியான வழி. மூன்று மணி நேர மின்வெட்டில் ஒரு மேசையில் படிக்கவும், சமையலறையில் நடமாடவும் வெளிச்சம் வேண்டும் என்பது இங்கே தேவை. டிவி பின்விளக்கு எல்இடி ஒவ்வொன்றும் சுமார் 300 மில்லிஆம்பியர் வரை தாங்கும் வகை. அதில் கால் பங்கு மின்னோட்டத்தில் எரித்தாலே நல்ல வெளிச்சம் வரும், சூடும் ஏறாது. மூன்று எல்இடிகள், ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு 10 ஓம் ரெசிஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். செல் 3.7 வோல்ட்டில் இருக்கும்போது எல்இடி ஏறத்தாழ 2.9 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 0.8 வோல்ட்டை 10 ஓமால் வகுத்தால் 0.08 ஆம்பியர், அதாவது 80 மில்லிஆம்பியர். மூன்றுக்கும் சேர்த்து 240.

மூன்று மணி நேரத்துக்கு 720 மில்லிஆம்பியர்-மணி தேவை. பழைய செல் மாதக்கணக்கில் மேலும் தளரும் என்பதால் இதை ஒன்றரை மடங்காக்கினால் சுமார் 1,100. புதிதாக இருந்தபோது 2,200 கொள்ளளவு கொண்ட ஒரு செல், பாதிக்கு இறங்கியிருந்தாலும் இந்த வேலைக்குப் போதும். கணக்கு போட்டதால் தெரியவரும் முக்கியமான செய்தி இதுதான்: ஒரே ஒரு செல் போதும். பழைய செல்களைத் தொடராக இணைத்தால் பலவீனமான செல் மற்றவற்றுக்கு முன்பே காலியாகி, எதிர்த்திசையில் ஏற்றப்படும் ஆபத்து உண்டு. மின்னழுத்தம் வேறுபட்ட செல்களைப் பக்க இணைப்பில் சேர்த்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெரும் மின்னோட்டம் பாயும். ஒற்றைச் செல்லில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

அடுத்த முடிவு, எதைப் பழையதாக எடுப்பது, எதைப் புதிதாக வாங்குவது என்பது. செல், எல்இடி, ரெசிஸ்டர், சுவிட்ச், ஒயர், பெட்டி எல்லாம் பழையதாக இருக்கலாம். சார்ஜ் செய்யும் பலகையையும் பாதுகாப்பு சர்க்யூட்டையும் மட்டும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். செல்லில் தவறு நேர்ந்தால் கடைசியாகக் காப்பாற்றப்போவது அந்தப் பலகை. பழைய பெட்டிக்குள் இருந்த பலகை மூன்று சோடிகளுக்கானது என்பதால் ஒற்றைச் செல்லுக்குப் பயன்படாது. டிபி4056 என்ற சில்லு கொண்ட சிறிய சார்ஜிங் பலகை சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் மலிவாகக் கிடைக்கிறது. இதில் இரண்டு வகை உண்டு. செல்லுக்கான இரண்டு முனைகள் மட்டும் உள்ளதில் பாதுகாப்பு இல்லை. செல்லுக்கு இரண்டு, விளக்குக்கு வெளியே போக இரண்டு எனத் தனித்தனி முனைகள் உள்ள பலகையில்தான் அளவுக்கு மீறிக் காலியாவதையும் ஷார்ட் ஆவதையும் தடுக்கும் சர்க்யூட் இருக்கும். அதையே வாங்க வேண்டும்.

எல்இடிக்கான டிவியைக் காயலான் கடையில் தேடும்போது, சத்தம் வரும், படம் வராது என்று தூக்கிப்போட்ட எல்இடி டிவியே பொருத்தமானது. அதில் பெரும்பாலும் பின்விளக்குதான் போயிருக்கும். எல்இடிகள் தொடர் இணைப்பில் இருப்பதால் ஒன்று எரிந்துபோனாலே வரிசை முழுதும் இருண்டுவிடும். மற்றவை நல்ல நிலையில் இருக்கும். எல்இடிக்கு முந்தைய எல்சிடி டிவிகளில் மெல்லிய கண்ணாடிக் குழாய் விளக்குகள் இருக்கும். அவற்றுக்குள் பாதரசம் உண்டு என்பதால் அந்த வகையைத் திறக்காமல் விடுவது நல்லது. பழைய பிக்சர் டியூப் டிவியையும் மைக்ரோவேவ் அடுப்பையும் தொடவே கூடாது. கற்றுக்கொள்பவர்களுக்கு உரிய மின்னழுத்தம் அல்ல அவற்றில் இருப்பது.

எல்இடி டிவியிலும் ஓர் இடம் ஆபத்தானது. மின்சாரம் உள்ளே வரும் பலகையில் கட்டைவிரல் பருமனில் நிற்கும் பெரிய கெப்பாசிட்டரில், 230 வோல்ட் வீட்டு மின்சாரம் நேர்மின்சாரமாக மாறி 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே நிற்கலாம். பல நாள் கிடந்த டிவியில் பெரும்பாலும் வடிந்திருக்கும் என்றாலும், வடிந்துவிட்டது என்பதை மல்டிமீட்டர்தான் சொல்ல வேண்டும். மீட்டரை நேர்மின்சாரத்தின் மிக உயர்ந்த அளவில் வைத்து, அதன் இரு முனைகளையும் கெப்பாசிட்டரின் கால்களில் வைத்துப் பார்க்க வேண்டும். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால், 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் கால்களை இன்சுலேஷன் உள்ள ஒயரில் பற்றவைத்து, அதைக் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே பத்து விநாடிகளாவது பிடிக்க வேண்டும். பிறகு மறுபடி அளக்க வேண்டும். கெப்பாசிட்டர் வடிந்த பின்னும் கொஞ்சம் மின்னழுத்தம் தானாக மீண்டும் எழுவது இயல்பு. அதனால் ஒரு நிமிடம் கழித்து இன்னொரு முறை பார்த்துவிடுவது வழக்கம். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்து வடிப்பதைப் பல பட்டறைகளில் பார்க்கலாம். தீப்பொறியோடு உலோகத்துணுக்கு கண்ணில் தெறிக்க அதுவே போதும்.

திரையின் பின்னால் வெள்ளைத் தாளுக்கு அடியில் எல்இடி பட்டைகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு எல்இடியின் மேலும் சிறு குவிந்த லென்ஸ் இருக்கும். லென்ஸைக் கழற்றிப் பார்த்து, நடுவில் கரும்புள்ளி உள்ளவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். மல்டிமீட்டரின் டையோடு சோதனையை இங்கே முழுதும் நம்ப முடியாது. வெள்ளை எல்இடி எரிய 2.6 வோல்ட்டாவது வேண்டும், பல மலிவான மீட்டர்கள் அவ்வளவு தருவதில்லை. அதனால் நல்ல எல்இடியும் செத்ததுபோலத் தெரியும். செல்போன் சார்ஜரின் 5 வோல்ட்டை 220 ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கொடுத்தால் சுமார் 10 மில்லிஆம்பியர்தான் பாயும், எல்இடி மங்கலாக எரியும், கெட்டுப்போகாது. பிளஸ், மைனஸ் மாற்றியும் எரியாவிட்டால் அது செத்திருக்கலாம், அல்லது 6 வோல்ட் வகையாக இருக்கலாம். டிவிகளில் இரண்டு வகையும் வருகின்றன. 6 வோல்ட் வகை ஒற்றைச் செல்லில் எரியாது. ஃபியூஸ் போன எல்இடி பல்புகளில் உள்ள எல்இடிகளும் இதே காரணத்தால் ஏமாற்றும். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அவற்றில் பல 9 வோல்ட்டும் 18 வோல்ட்டும் கேட்பவை.

இனி பேட்டரிப் பெட்டி. திறக்குமுன் மோதிரம், வளையல், உலோகப் பட்டைக் கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கண்ணாடி அணிந்துகொள்ள வேண்டும். ஒட்டப்பட்ட விளிம்பைப் பிளக்க இரும்பு ஸ்குரூடிரைவரை நுழைப்பதே இந்த வேலையின் மிகச் சாதாரணமான விபத்துக்குக் காரணம். உலோக முனை செல்லின் உறையைக் கிழித்துவிடும். கிட்டார் பிக் அல்லது பழைய ஏடிஎம் அட்டை போன்ற பிளாஸ்டிக்கால் விளிம்பைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். உள்ளே செல்களை இணைக்கும் நிக்கல் பட்டைகளை ஒரு நேரத்தில் ஒன்று என்று வெட்ட வேண்டும். வெட்டிய முனை அடுத்த பட்டையைத் தொடாமல் உடனே டேப் ஒட்ட வேண்டும். செல்லோடு ஒட்டியிருக்கும் பட்டையில் ஒரு சென்டிமீட்டர் நீளம் விட்டுவைப்பது பிறகு ஒயர் பற்றவைக்க உதவும்.

18650 செல்லைப் பார்ப்பவர்கள் மேல்முனை பிளஸ், கீழ்முனை மைனஸ் என்று நினைப்பார்கள். உண்மையில் உருளையின் சுவர் முழுவதும் மைனஸ்தான். அது மேலே வளைந்து, பிளஸ் மூடியைச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் வந்து நிற்கிறது. இரண்டையும் பிரிப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறையும் ஓர் அட்டை வளையமும் மட்டுமே. மேல்விளிம்பில் உறை கிழிந்த செல்லின்மேல் நிக்கல் பட்டை சற்றே சாய்ந்தாலும் நேரடி ஷார்ட். அப்படிக் கிழிந்தவற்றுக்குப் புதிய சுருங்கும் உறையும் வளையமும் போட்ட பிறகே சோதனைக்கு எடுக்க வேண்டும்.

சோதனை கண்ணாலும் மூக்காலும் தொடங்குகிறது. நசுங்கியது, துருப்பிடித்தது, ஈரம் கசிந்தது, நெயில் பாலிஷ் போன்ற இனிப்பு நெடி அடிப்பது ஆகியவற்றுக்கு அடுத்த சோதனை தேவையில்லை. பிறகு மின்னழுத்தம். 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய செல்லை ஒருபோதும் உயிர்ப்பிக்க முயலக் கூடாது. அவ்வளவு காலியான நிலையில், எதிர்முனைத் தகடாக இருக்கும் தாமிரம் உள்ளிருக்கும் திரவத்தில் கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏறும்போது அந்தத் தாமிரம் கண்ட இடத்தில் படிந்து, செல்லுக்குள்ளேயே ஷார்ட்டுக்குப் பாலம் கட்டும். அப்படிப்பட்ட செல் சார்ஜ் ஏறிவிடும், சில வாரம் ஒழுங்காகவும் வேலை செய்யும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. ஓரளவு நிதானமானவர்கள் 2.5 வோல்ட்டையே எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டாக, ஒரு பெட்டியில் இரண்டு சோடிகள் 3.6 வோல்ட் அளவிலும் மூன்றாவது சோடி 1.1 வோல்ட்டிலும் இருப்பதாகக் கொள்ளலாம். பெட்டியைப் பூட்டவைத்தது அந்த மூன்றாவது சோடிதான், அதன் இரு செல்களும் முதலிலேயே வெளியேறுகின்றன. மீதி நான்குக்கும் எண் போட்டு, ஒவ்வொன்றாகச் சார்ஜ் செய்ய வேண்டும். சார்ஜிங் பலகை விற்கப்படும் நிலையில் 1 ஆம்பியர் தரும். பழைய செல்லுக்கு அதில் பாதி போதும். பலகையில் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும் 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை 2 கிலோ ஓமாக மாற்றினால் 580 மில்லிஆம்பியராகக் குறையும். கடுகளவு உதிரி அது. செல்போன் பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தால் சுலபமாக மாற்றித் தருவார்கள்.

சார்ஜ் ஏறும் செல் மண்சட்டியிலோ டைல்ஸ் தரையிலோ, துணியும் காகிதமும் அருகில் இல்லாத இடத்தில் இருக்க வேண்டும். ஆள் தூங்கும் நேரத்திலும் வெளியே போகும் நேரத்திலும் சார்ஜ் செய்யக் கூடாது. ஆரோக்கியமான செல் இந்த மின்னோட்டத்தில் கைக்கு இலேசான வெதுவெதுப்போடு நிற்கும். கையை வைத்துக்கொண்டிருக்கச் சங்கடமாகும் அளவுக்குச் சூடேறினாலோ, பல மணி நேரமாகியும் முழுதாக ஏறிய விளக்கு எரியாவிட்டாலோ, அந்தச் செல் தனக்குள்ளேயே மின்சாரத்தை விழுங்குகிறது என்று பொருள். உடனே நிறுத்தி, வீட்டுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். சீறல் சத்தமோ புகையோ வந்துவிட்டால் செல்லைத் தொடாமல், சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டு அறையை விட்டு வெளியேறுவதே முதல் வேலை, அந்தப் புகை நச்சு. பக்கத்தில் தீ பரவாமல் தடுக்க உலர்ந்த மணலும், மின்இணைப்பைத் துண்டித்த பின் செல்லைக் குளிரவைக்க நிறையத் தண்ணீரும் உதவும்.

நான்கில் ஒன்று சூடாகி வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால் மீதி மூன்று. அவற்றை 4.2 வோல்ட்டில் நிறுத்தி, தேதி எழுதி, எதிலும் இணைக்காமல் இரண்டு வாரம் விட்டுவிட வேண்டும். பலரும் தாண்டிப் போய்விடும் படி இதுதான், ஆனால் எல்லாச் சோதனைகளிலும் அதிகம் சொல்லக்கூடியதும் இதுவே. உள்ளே மெல்லிய ஷார்ட் உள்ள செல் எவ்வளவு நன்றாக ஏறினாலும் சும்மா இருக்கும்போது தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கும். இரண்டு வாரம் கழித்து 4.1 வோல்ட்டுக்கு மேல் நிற்பது தேறியது. 4 வோல்ட்டுக்குக் கீழ் போனதை விலக்க வேண்டும். நம் மூன்றில் முதல் செல் 4.16, இரண்டாவது 4.15, மூன்றாவது 3.94 காட்டினால், மூன்றாவதும் போய்விட்டது.

எஞ்சிய இரண்டின் கொள்ளளவை அறிய 10 ஓம், 5 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்றும் கடிகாரமும் போதும். பத்து ஓம் என்பதால் கணக்கும் எளிது. மீட்டர் காட்டும் வோல்ட்டை நூறால் பெருக்கினால் மில்லிஆம்பியர். ரெசிஸ்டரை இணைத்த உடனே மின்னழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் செல் 4.16-இலிருந்து 4.12-க்கு இறங்கினால், 0.04 வோல்ட்டை 0.412 ஆம்பியரால் வகுத்து, உள்மின்தடை சுமார் 0.1 ஓம் என்று அறியலாம். பழைய செல்லுக்கு அது நல்ல எண். இரண்டாவது செல் 4.15-இலிருந்து 4.06-க்கு விழுந்தால் உள்மின்தடை 0.22 ஓம். களைத்துப்போன செல் அது. மீட்டர் முனைகளை ரெசிஸ்டரில் வைக்காமல் நேராகச் செல்லின் முனைகளில் வைத்தால்தான் இந்த எண் சரியாக வரும். இல்லாவிட்டால் ஒயரின் தடையும் அதில் சேர்ந்துவிடும்.

பிறகு அரை மணிக்கு ஒருமுறை வோல்ட்டைக் குறித்துவர வேண்டும். 3.4 வோல்ட்டுக்குக் கீழே வீழ்ச்சி வேகமாகும், அப்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, 3 வோல்ட்டில் துண்டித்துவிட வேண்டும். மறந்து இரவெல்லாம் விட்டால் நல்ல செல்லும் 2 வோல்ட்டுக்குக் கீழே போய்க் குப்பையாகிவிடும். முதல் செல் நாலரை மணி நேரம் ஓடி, குறித்த எண்களின் சராசரி 3.65 வோல்ட் என்றால், 365-ஐ 4.5-ஆல் பெருக்கச் சுமார் 1,640 மில்லிஆம்பியர்-மணி. பழைய கொள்ளளவில் முக்கால் பங்கு. இரண்டாவது செல் 1,150 மட்டுமே தருகிறது. கணக்குப்படி அதுவும் எல்லைக்கு உள்ளேதான், ஆனால் உள்மின்தடை இரண்டு மடங்கு இருப்பதால் விரைவில் இன்னும் இறங்கும். விளக்குக்கு முதல் செல்லே சரி. ஆறு செல் பெட்டியிலிருந்து ஒன்றுதான் தேறியது என்பதில் ஏமாற்றம் எதுவும் இல்லை. கண்டிப்பான சோதனை இப்படித்தான் முடியும்.

ரெசிஸ்டரையும் சுவிட்சையும் சோதிப்பது சில நிமிட வேலை. ரெசிஸ்டரின் ஒரு காலையாவது பலகையிலிருந்து கழற்றிய பிறகே அளக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து உதிரிகளும் சேர்ந்து அளவைக் குறைத்துக் காட்டும். சுவிட்சைப் பலமுறை போட்டு எடுக்கும்போது மீட்டர் ஒவ்வொரு முறையும் ஓர் ஓமுக்குக் கீழே ஒரே எண்ணைக் காட்டினால் நல்லது.

கோக்கும்போது செல்லின் உடம்பில் நேராகச் சால்டரிங் அயர்னை வைக்கக் கூடாது. உள்ளே முனைகளைப் பிரிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் அந்தச் சூட்டைத் தாங்காது. விட்டுவைத்த நிக்கல் பட்டையின் நுனியில் பற்றவைக்கலாம், அல்லது செல்லைச் செருகும் பிளாஸ்டிக் தொட்டில் ஒன்றை வாங்கிவிடலாம். பிந்தியதே மேல், செல்லை எப்போது வேண்டுமானாலும் கழற்றி மறுபடி சோதிக்க முடியும். தொட்டிலிலிருந்து சார்ஜிங் பலகைக்கும், பலகையின் வெளிமுனையிலிருந்து சுவிட்ச் வழியாக மூன்று ரெசிஸ்டர்-எல்இடி சோடிகளுக்கும் ஒயர் போகும். செல்லிலிருந்து விளக்குக்கு நேரடியாக எந்த ஒயரும் போகக் கூடாது, போனால் பாதுகாப்பு சர்க்யூட் வெறும் அலங்காரம். பெட்டியில் காற்றுக்கு நாலைந்து துளைகள் இருக்கட்டும்.

எல்லாம் சரியாகக் கோத்தும் விளக்கு எரியாமல் போவது உண்டு. செல்லில் 3.8 வோல்ட் இருக்கும், பலகையின் வெளிமுனையில் பூச்சியம். இது கோளாறு அல்ல. செல்லை முதன்முதலாக இணைக்கும்போது பாதுகாப்பு சர்க்யூட் சில நேரம் மூடிய நிலையிலேயே நிற்கும். சார்ஜரை ஒரு நொடி செருகி எடுத்தால் திறந்துகொள்ளும். எரியும்போது மூன்றில் ஒன்று மட்டும் மங்கலாக இருந்தால் அதன் ரெசிஸ்டரை மறுபடி அளக்க வேண்டும். மூன்றுமே மங்கினால், செல்லின் முனையிலும் வெளிமுனையிலும் வோல்ட்டை ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் நடுவே 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தொட்டிலின் ஸ்பிரிங்கோ சால்டரோ சரியில்லை.

முதல் முழு ஓட்டத்தையும் கடிகாரத்தோடு பார்க்க வேண்டும். 1,640-ஐ 240-ஆல் வகுத்தால் ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. சார்ஜ் நிறைந்திருக்கும்போது வெளிச்சம் அதிகமாகவும் பிறகு படிப்படியாகக் குறைந்தும் வரும். நான்கு மணி நேரத்திலேயே மங்கிவிட்டால் கணக்கில் அல்ல, இணைப்பில்தான் தேட வேண்டும். வெளிச்சம் நன்றாகக் குறைந்ததும் அணைத்துவிடுவது நல்ல பழக்கம். பாதுகாப்பு சர்க்யூட் 2.4 வோல்ட் வரை காத்திருந்துதான் துண்டிக்கும், பழைய செல்லுக்கு அது மிகத் தாழ்வு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுதாக ஏற்றி, இரண்டு வாரம் கழித்து வோல்ட்டைப் பார்க்கும் அதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். 4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும் நாளில் அந்தச் செல்லின் வேலை முடிந்தது.

விலக்கிய ஐந்து செல்களும் குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது. குப்பை வண்டியில் நசுங்கும் லித்தியம் செல் தீப்பிடிக்கும். ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் டேப் ஒட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் உலர்ந்த மணலுக்கு நடுவே போட்டு, வெயில் படாத இடத்தில் வீட்டுக்கு வெளியே வைக்கலாம். இந்தியாவில் 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்தி முடித்த பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மேல் வைக்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் டப்பாவை ஒப்படைக்கும்போது, உள்ளே இருப்பவை லித்தியம் செல்கள் என்று வாயாலும் சொல்லி, டப்பாவின் மேலும் எழுதித் தர வேண்டும்.